வேலை போனபின் பெர்மிட்டுக்கு எத்தனை நாள்?



தோட்டத்தில் வாழும் நமக்குப் பெர்மிட் என்ற சொல் புதியதன்று. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், 1969, 1970ஆம் ஆண்டுகளைப் பற்றிச் சொல்வார்கள். 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்று பெர்மிட் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பல ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டியவர்கள் கையில் சிவப்பு அடையாளக் கார்டு இருந்தது. இந்த நாட்டில் குடியிருக்க அது உரிமை தந்தது. வேலை செய்யும் உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து பெர்மிட்டுக்குள் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

குடியிருப்பதும் வேலை செய்வதும் இரண்டு வேறு அனுமதிகள் என்பதை நம் மக்கள் அப்போது மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். இன்று பெர்மிட்டில் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்களுக்கு இவ்விரண்டும் ஒரே தாளில் கட்டப்பட்டிருக்கின்றன. வேலை போனால் குடியிருக்கும் அனுமதியும் ஆட்டம் காண்கிறது.

இன்று ஷா ஆலம் நகரம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அதே மண்ணில் இன்று தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த பிள்ளைகள் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறார்கள். செம்பனைத் தோட்டங்களிலும் பெர்மிட் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நமக்கு உறவினர். நம் ஊர்க்காரர், மாப்பிள்ளையின் தம்பி, சித்தப்பா மகன் என்று ஏதோ ஒரு முறையில் நம் வீட்டு வாசலுக்கு வந்து போகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு வேலை போய்விட்டால் முதலில் வந்து நிற்பது நம் வீட்டில்தான். அப்போது நாம் சொல்லும் யோசனை சரியாக இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். தவறாக இருந்தால் அவருக்கும் கேடு, நமக்கும் கேடு.

முதலில் அந்தப் பெர்மிட் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பி.எல்.கே.எஸ். என்று மலாய் மொழியில் சுருக்கமாகச் சொல்கிறார்கள். தற்காலிக வேலைக்கான வருகை அனுமதி என்று பொருள். வழக்கமாக ஓராண்டுக்குத் தந்து, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். அதற்கு மனுச் செய்பவர் முதலாளி. லெவி என்னும் வரியைக் கட்ட வேண்டியவரும் முதலாளியே. 2018ஆம் ஆண்டிலிருந்து அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பது விதி. அந்த அனுமதியில் ஒரு முதலாளியும் ஒரு தொழில் துறையும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த முதலாளியிடம், அந்தத் துறையில் வேலை செய்ய மட்டுமே அது செல்லும்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். "என் பெர்மிட்டில் இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்வேன்," என்று சொல்வார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்களுக்கு வேலை போனால் 60 நாள் வரை தவணை உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் அங்கே அப்படி ஒரு விதி இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். நமது நாட்டில் பி.எல்.கே.எஸ். வைத்திருப்பவருக்கு, வேலை தேடிக்கொள் என்று கொடுக்கப்படும் தவணை நாள் எதுவும் கிடையாது. அனுமதியில் எழுதியிருக்கும் கடைசித் தேதி, வேலை இருந்தால் எதுவரை இருக்கலாம் என்பதைக் காட்டும் தேதி. வேலை நின்றதும் முதலாளி அந்த அனுமதியை ரத்துச் செய்து தொழிலாளியை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். ஆகவே நாலு மாதம் என்று நம்பியிருந்தவருக்கு நாலு வாரம்கூட இல்லாமல் போகலாம்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, நாள் கணக்காகப் பார்ப்போம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி ஷா ஆலமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்து சரியாக மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. பெர்மிட் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒரு நாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, "வியாபாரம் சரியில்லை. இன்னும் நாலு வாரத்தில் கடையை மூடப் போகிறேன். நீ உன் வழியைப் பார்த்துக்கொள்," என்று வாயால் சொல்கிறார்.

"உன் வழியைப் பார்த்துக்கொள்" என்ற பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. தம்பி அதை நம்பி, மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அவர் யார்? முதலாளி நிறுத்திய தொழிலாளியா? அல்லது வேலையை விட்டு ஓடிப்போன தொழிலாளியா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் அவருடைய எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

வேலைச் சட்டம் என்று நாம் சொல்லும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. அதில் 60கே என்ற பிரிவு வெளிநாட்டுத் தொழிலாளியைப் பற்றியது. முதலாளி தாமே ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை நிறுத்தினால், 30 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளி தானாக வேலையை விட்டாலோ, சொல்லாமல் போய்விட்டாலோ, 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டும் முதலாளியின் கடமை. எந்தக் காரணத்தை எழுதுவது என்பதும் முதலாளியின் கையில் இருக்கிறது. அதோடு, ஆள் ஓடிவிட்டான் என்று குடிநுழைவு இலாகாவுக்கும் புகார் போய்விட்டால், அந்தத் தம்பியின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறலாம். பிறகு எந்த நல்ல முதலாளி கிடைத்தாலும் அனுமதி கிடைப்பது மிகவும் அரிது.

ஆகவே வேலை போகிறது என்று தெரிந்த முதல் நாளில் தம்பி செய்ய வேண்டியது, புது வேலை தேடுவது அன்று. தாம் நிறுத்தப்பட்டவர், ஓடிப்போனவர் அல்லர் என்பதற்கு அத்தாட்சி தேடுவது. முதலாளியிடம் கடிதம் கேட்க வேண்டும். இன்ன தேதியில் வேலை முடிகிறது, கடை மூடப்படுவதே காரணம் என்று நாலு வரி இருந்தால் போதும். கடிதம் தர மறுத்தால், தம்பி தாமே கைப்பேசியில் முதலாளிக்கு எழுதி அனுப்பலாம். "ஐயா, இன்று நீங்கள் என்னிடம் கடை இன்ன தேதியில் மூடப்படும் என்று சொன்னீர்கள். அந்தத் தேதி வரை நான் வேலைக்கு வருகிறேன்," என்று மரியாதையாக எழுதினால் போதும். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் வரை வேலைக்குப் போக வேண்டும். சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், பெர்மிட், கடப்பிதழின் முதல் பக்கம் ஆகியவற்றைப் படம் பிடித்து, ஒரு படியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தால் அதையும் அன்றே கேட்க வேண்டும். உரிய அதிகாரமின்றி இன்னொருவருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். முதலாளி தரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் சொல்லலாம். கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்திலும் சொல்லலாம். கடப்பிதழ் கையில் இல்லாமல் புதிய முதலாளியும் மனுச் செய்ய முடியாது, ஊருக்குத் திரும்பவும் முடியாது.

இரண்டாவதாகச் செய்ய வேண்டியது, தொழிலாளர் இலாகாவுக்குப் போவது. ஷா ஆலமிலும் கிள்ளானிலும் அதற்கு அலுவலகம் உண்டு. "பெர்மிட்காரன் இலாகாவுக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள்," என்று சிலர் பயமுறுத்துவார்கள். பெர்மிட் செல்லுபடியாக இருக்கும்போது போகிறவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. வேலைச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். நாள் கடந்து போனால்தான் பேச்சு மாறும். இதனால்தான் முதல் வாரத்திலேயே போக வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

அங்கே அவர் என்ன கேட்கலாம்? கடை மூடப்படுவதால் வேலை போகிறவருக்கு எத்தனை வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் எட்டு வாரம். நம் தம்பிக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆறு வாரம் தர வேண்டும். முதலாளி கொடுத்தது நான்கு வாரம். மீதி இரண்டு வாரத்துக்குச் சம்பளம் பாக்கி.

அதோடு வேலை நிறுத்த உதவித் தொகையும் உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இது சேரும். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை வேலை செய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். தம்பிக்கு மூன்று ஆண்டுக்கு 45 நாள் சம்பளம் வரும். ஒரு நாள் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது? கடைசி 12 மாதச் சம்பளத்தைக் கூட்டி 365ஆல் வகுக்க வேண்டும். 1,700 வெள்ளியை 12ஆல் பெருக்கினால் 20,400. அதை 365ஆல் வகுத்தால் 55 வெள்ளி 89 காசு. அதை 45ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,515 வெள்ளி. முன்னறிவிப்பில் குறைந்த இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 780 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 3,300 வெள்ளிக்கு அருகில் வருகிறது. செய்த வேலைக்கான மாதச் சம்பளம் இதில் சேராது. அதை வேலை முடியும் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். உதவித் தொகையை அதிலிருந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தம்பி ஓடிப்போனவர் என்று எழுதப்பட்டுவிட்டால் இந்த 3,300 வெள்ளியும் அவரோடு ஓடிப்போய்விடும். தானாக வேலையை விட்டவருக்கு இந்த உதவித் தொகை கிடையாது. முதலாளி "உன் வழியைப் பார்த்துக்கொள்" என்று சொன்னதன் விலை என்ன என்று இப்போது தெரிகிறதல்லவா?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டில் நீலக் கார்டு, சிவப்புக் கார்டு உள்ளவர்களுக்கு வேலை போனால், பெர்கேசோவில் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்தால் உதவிப் பணம் கிடைக்கும். பெர்மிட் தொழிலாளிக்கு அது கிடையாது. அவருக்கு பெர்கேசோவில் வேலை விபத்துக்கான பாதுகாப்பு 2019ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆகவே நமக்குத் தெரிந்த 60 நாள் கணக்கை அவருக்குச் சொல்லி அவரை உட்கார வைத்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக, புதிய முதலாளி. பெர்மிட் தொழிலாளி தாமாக முதலாளியை மாற்றிக்கொள்ள உரிமை இல்லை. மனுச் செய்ய வேண்டியவர் புதிய முதலாளி. அனுமதி தருவது அரசு. இதற்கான விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்றின்போது, வேலை இழந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேறு முதலாளியிடம் சேர அரசு வழிவிட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்கான மனுக்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. எனவே போன ஆண்டு ஒருவருக்குக் கிடைத்தது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த வாரத்தில் நடப்பில் உள்ள விதியைத் தொழிலாளர் இலாகாவிலும் குடிநுழைவு இலாகாவிலும் நேரில் கேட்பதே சரி.

புதிய முதலாளியிடம் தம்பி மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி: உங்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொள்ளத் தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் காலியான ஒதுக்கீடும் இருக்கிறதா? 2023ஆம் ஆண்டு முதல் இந்த முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கக்கூடாது. இரண்டாம் கேள்வி: உங்கள் தொழில் என் பெர்மிட்டில் உள்ள துறைதானா? சாப்பாட்டுக் கடைப் பெர்மிட் சேவைத் துறையைச் சேர்ந்தது. செம்பனைத் தோட்டம் வேறு துறை. லெவியே வேறு, தீபகற்பத்தில் சேவைத் துறைக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளியும், தோட்டத் துறைக்கு 640 வெள்ளியும் என்று வசூலித்து வந்திருக்கிறார்கள். துறை மாறுவது முதலாளி மாறுவதைவிடக் கடினம். மூன்றாம் கேள்வி: பழைய முதலாளி பெர்மிட்டை ரத்துச் செய்வதற்கு முன் உங்களால் மனுப் போட முடியுமா?

இந்த மூன்றாம் கேள்விதான் நேரத்தோடு பந்தயம் ஓடுவது. பழைய முதலாளி விடுவிப்புக் கடிதம் கொடுத்து, பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே புதியவர் மனுச் செய்தால் காரியம் நடக்க வாய்ப்பு உண்டு. பழைய முதலாளி ரத்துச் செய்து, வெளியேறும் குறிப்பு எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு ஊருக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் செக் அவுட் மெமோ என்று சொல்வார்கள். விமானச் சீட்டைக் காட்டி முதலாளி குடிநுழைவு இலாகாவில் வாங்குவது அது. ஆகையால் பழைய முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவது புத்தியன்று. "ஐயா, இன்ன கடைக்காரர் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். இரண்டு வாரம் பொறுத்து ரத்துச் செய்யுங்கள்," என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆளை ஊருக்கு அனுப்பும் செலவு மிச்சமாவதால் பல முதலாளிகள் இதற்கு இணங்குவார்கள். முதலாளி தலைமறைவாகிவிட்டால், தொழிலாளர் இலாகாவில் கொடுத்த புகாரின் நகல்தான் தம்பிக்குத் துணை. முதல் வாரத்திலேயே அங்கே போகச் சொன்னதன் பயன் இப்போதுதான் தெரியும்.

இந்தச் சமயத்தில் ஒரு ஏஜெண்டு வருவார். "நாலாயிரம் வெள்ளி கொடு, பெயர் மாற்றித் தருகிறேன். அதுவரை இந்தக் கடையில் வேலை செய்துகொண்டிரு," என்பார். இதைக் கேட்டதும் விலகிவிட வேண்டும். பணம் கேட்பது ஓர் அடையாளம். அனுமதி வருமுன் வேலை செய்யச் சொல்வது இன்னோர் அடையாளம். புதிய அனுமதி கைக்கு வரும் வரை புதிய இடத்தில் ஒரு தட்டுக் கழுவினாலும் அது பெர்மிட்டின் நிபந்தனையை மீறியதாகும். வேலை கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. அனுமதியற்ற ஒவ்வோர் ஆளுக்கும் 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சோதனை நடந்தால் ஏஜெண்டு அங்கே இருக்கமாட்டார்.

சரி, புதிய முதலாளி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பழைய முதலாளி பணமும் கொடுக்கவில்லை. தம்பி தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். பெர்மிட் முடியப் போகிறது. அப்போது குடிநுழைவு இலாகாவில் சிறப்பு அனுமதி, அதாவது ஸ்பெஷல் பாஸ், கேட்கலாம். வழக்கு நடக்கிறது என்பதற்கான கடிதத்தைத் தொழிலாளர் இலாகாவில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது ஒரு மாதத்துக்குத் தரப்படுவது. கட்டணம் 100 வெள்ளி. மறு மாதம் மறுபடியும் கேட்க வேண்டும். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

இந்தச் சிறப்பு அனுமதியில் ஒரு பெரிய குறை உண்டு. நாட்டில் இருக்கலாம், வேலை செய்ய முடியாது. 3,300 வெள்ளிக்காக நாலு மாதம் காத்திருந்தால், கட்டணமே 400 வெள்ளி. சாப்பாடும் இருப்பிடமும் வேறு. இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு முன் தேதி கேட்பதும், முதலாளி ஒரே தடவையில் 2,800 வெள்ளி கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வந்தால் யோசித்துப் பார்ப்பதும் அவமானமல்ல. ஆனால் அந்தப் பணத்தை அதிகாரியின் முன்னிலையில் வாங்க வேண்டும். பணம் கைக்கு வருமுன் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனவர், அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால், பெர்மிட் நாள் முடியுமுன் முறையாக ஊருக்குப் போவதுதான் சரியான வழி. கடன் வாங்கி வந்தவருக்கு இது கசப்பான பேச்சு என்பது எனக்குத் தெரியும். ஊரில் நகையை அடகு வைத்துத்தான் பலர் வருகிறார்கள். ஆனாலும் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறையாகப் போனவர், வேறொரு முதலாளி அழைத்தால் மறுபடியும் மனுச் செய்து வரலாம். நாள் கடந்து தங்கியவர் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மாட்டிக்கொள்கிறார். 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று ஆண்டு உழைத்து மிச்சம் பிடித்தது ஒரே நாளில் போய்விடும்.

கடைசியாக, நம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை போன தம்பி லயத்து வாசலில் வந்து நின்றால், ஒரு வாய்ச் சோறு போடாமல் நாம் அனுப்ப மாட்டோம். பெர்மிட் செல்லுபடியாக இருக்கும் வரை அதில் தவறில்லை. ஆனால் அனுமதி முடிந்தவர் என்று தெரிந்தும் ஒருவரை வீட்டில் ஒளித்து வைப்பது வேறு. குடிநுழைவுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, அடைக்கலம் கொடுத்தவரையும் தண்டிக்கிறது. ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும், ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. உறவுக்காரர் என்ற காரணம் அங்கே எடுபடாது. தோட்டத்தில் கான்ட்ராக்டர் கையில் சொல்லி, பழம் பொறுக்க இரண்டு நாள் சேர்த்துவிடுவதும் அதே ஆபத்துதான். அது உதவியாகத் தெரியும். உண்மையில் அவரை ஓடிப்போனவர் ஆக்கும் காரியம்.

ஆகவே அவர் வந்து உட்கார்ந்ததும், தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பி, கடிதம் வாங்கினாயா? கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது? பெர்மிட் எந்தத் தேதியோடு முடிகிறது?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்த மறுநாள் காலையில், நம் வீட்டில் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூடச் சேர்த்துத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பி வையுங்கள். புகார் கொடுத்ததற்கு அத்தாட்சியாக முத்திரை வைத்த ஒரு நகலைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.